பத்தாம் வகுப்பின் நிலுவை

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் நான் எழுதுவினைஞன். வசதிக் கட்டணம் வாங்குவதும், தவணை முடிவில் வகுப்புவாரியாகச் சுருக்கத் தாள் போடுவதும் என் வேலை. பிள்ளைகள் தொகை, வரவேண்டியது, வந்தது, நிலுவை, கடைசியில் கட்டாதவர்களின் பெயர்கள். அந்தப் பெயர்களைப் பள்ளி அதிபர் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்.

அந்தத் தவணை பத்தாம் வகுப்புத் தாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டாதவர்கள் ஐந்து பேர். நிலுவைக் காசோ நாலு பேருக்குரியதுதான். பள்ளிக்கூடத்து மொத்த வரவு காசுப் புத்தகத்தோடு சரியாக நின்றதால், கூட்டலில் எங்கோ பிசகு என்று விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறென்ன.

மறுநாள் வாசித்த பெயர்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பெயரும் இருந்தது. அவள் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"வாப்பா கட்டிட்டாங்க, சேர்."

"கட்டினா புத்தகத்தில இருக்கும். போ மகள்" என்றேன்.

மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேநீர் ஆறியது, பேனையை மூடினேன், திறந்தேன். கடைசியில் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் பெயரில் இரண்டு பேருக்குரிய காசு. அவளுடைய நானா, அண்ணன்காரன்!

எங்கள் பக்கத்தில் வயல் அறுத்து, சூடு மிதித்து நெல் விற்றதும் வாப்பாமார் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேயடியாகக் கட்டுவார்கள். மூத்த பிள்ளையின் பெயரில் ஒரு ரசீது எழுதி, மற்றப் பிள்ளைகளை அடிக்கட்டையின் பின்னால் குறித்து, வகுப்புவாரியாகப் பிரித்துப் பதிவேன். இவர்கள் வாப்பா கட்டிய அன்று குறிக்கவில்லை. தங்கச்சியின் காசும் பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாப்பா வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது என்றேன்.

"கிளாக்கர், நான் காசு தந்தது எனக்குத் தெரியும். அவள்தான் இனிப் பள்ளிக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். நானும் சரி எண்டுட்டன்."

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"எல்லாருக்கும் முன்னால வாசிச்சீங்க. இதையும் அங்கயே சொல்லுங்க."

திரும்பி வந்து அதிபரிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்குத்தான் அவமானம். சொல்லத்தான் வேணும் எண்டா நீங்களே சொல்லுங்க" என்றார்.

விடிந்ததும் கூட்டத்தில் மேடையேறி நின்றேன். தாளை விரித்தேன். அவள் பெயரை வாசித்து, கட்டணம் நேரத்துக்கே கட்டப்பட்டது, நான்தான் பிழையாகப் பதிந்தேன் என்றேன். வந்திருப்பாளா என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து அதே குரல் கேட்டது.

"ஓம், சேர்."