திரைக்குப் பின்னால் ஒரு பரிந்துரை

தையல்கடை அக்காவுக்குக் கத்தரி ஓடுகிற அளவுக்கு வாய் ஓடாது. எதிரே ரெடிமேடு கடை வந்ததும் வாடிக்கை பாதியாகிவிட்டது. போதாக்குறைக்கு அந்த முதலாளி, "இங்கயே வந்து ஓரம் மடிச்சுக் குடுங்களேன்" என்று பெரிய மனது பண்ணிக் கூப்பிட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் புது வாடிக்கை வராவிட்டால் கடையை மூடிவிட்டு அங்கேதான் போக வேண்டும்.

அக்காவின் மருமகப்பிள்ளை சும்மா இருப்பாரா? கடையின் பெயரில் போனில் ஒரு பதிவு போட்டார்: தோழியை அனுப்புங்கள், அவருக்கு முதல் தையலில் பாதிக் கூலி, அவர் துணியை வாங்கிக்கொண்டதும் அனுப்பியவருக்கு ஒரு கவுன் தையல் இலவசம். மறுநாளே கூட்டம். அத்தனையும் பழைய முகங்கள்! அண்ணியை நாத்தனார் அனுப்பினாளாம், நாத்தனாரை அண்ணி அனுப்பினாளாம். மருமகப்பிள்ளை அவசரமாக "புதியவருக்கு மட்டும், அனுப்பியவர் பெயர் சொல்ல வேண்டும்" என்று சேர்த்தார். கூட்டம் காற்றாய்ப் பறந்தது.

பல வருடமாக வருகிற கணக்கு டீச்சர் மட்டும் யாரையும் அனுப்பவே இல்லை. அக்கா தைத்த கவுனில் அவர் பள்ளிக்கூடத்தையே அசத்துவதாகக் கேள்வி. ஒரு சாயங்காலம் டீச்சர் திரைக்குப் பின்னால் புதுக் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். பதிவைப் பார்த்து வந்தார்களாம். போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். "எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் வெளிநாட்டுல வாங்கினதாம். இதே மாதிரி தைக்க முடியுமா?"

அக்கா பார்த்தாள். கழுத்து வளைவு, இடுப்பு மடிப்பு, எல்லாம் அவள் கையால் தைத்தது. அவள் உழைப்பு இத்தனை வருடமாக விமானத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நெஞ்சு கொதித்தது. ஆனால் வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. முடியும் என்றாள். யார் அனுப்பினார்கள் என்று கேட்டாள். யாருமில்லையாம். அப்படியானால் முழுக் கூலிதான் என்றதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்கள்.

போச்சு, இனி எதிர்க்கடையில் ஓரம் மடிக்க வேண்டியதுதான் என்று அக்கா நினைத்தாள். அப்போது திரை விலகியது. கவுனின் ஒரு கை தைத்தும் மறு கை குண்டூசியிலுமாக டீச்சர் நின்றார். வந்தவர்கள் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். டீச்சரின் முகம் சிவந்திருந்தது. வெளிநாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

"நான்தான் அனுப்பினேன்னு எழுதிக்குங்க," என்றார். "என் துணி எல்லாமே இவங்க தைக்கிறதுதான்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே அக்கா இத்தனை வருடம் காத்திருந்தாள்! கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தாள். டீச்சர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு பேராச்சே. எனக்கு ரெண்டு கவுன் இலவசம்தானே?"