எண்பது சதவீத அம்மோனியா

நன்னிலத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு வேதியியல் எடுத்தேன். பெற்றோர் கூட்டத்தில் காட்ட ஒரு ஒர்க் ஷீட் தயாரித்தேன். நைட்ரஜன் 28 கிராம், ஹைட்ரஜன் 3 கிராம். ஹைட்ரஜன்தான் முதலில் தீரும், அதனால் அதுவே வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. கணக்குப்படி 17 கிராம் அம்மோனியா வரவேண்டும். கிடைத்தது 13.6. விளைச்சல் எண்பது சதவீதம்.

தாளாளருக்கு முகம் சுருங்கியது. வாசல் பேனரில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று போட்டிருப்பவர் அவர்.

"எண்பதை எப்படிங்க மேடம் பெற்றோர்கிட்ட காட்டுறது? ஹைட்ரஜன் பத்தலைன்னா கூடப் போடுங்க."

ஆறு கிராம் போட்டேன். இப்போது 34 கிராம் வரவேண்டும், கிடைத்ததாக ஒர்க் ஷீட்டில் இருப்பதோ அதே 13.6. நாற்பதுக்கு இறங்கியது.

"அப்ப நைட்ரஜனையும் ரெண்டு மடங்காக்குங்க."

ஆக்கினேன். நைட்ரஜன் பாதி மிஞ்சியதுதான் மிச்சம். விடை நாற்பதிலேயே நின்றது.

அவர் என் பேனாவைப் பிடுங்கி, நாற்பதை அடித்துவிட்டு நூறு என்று எழுதினார். எழுதியது அப்படியே ஜெராக்ஸ் ஆனது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு அப்பா கைகூடத் தட்டினார்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி மட்டும் எழுந்தாள்.

"34 கிராம் வரணும், 13.6தான் வந்திருக்கு. ஆனா நூறுன்னு போட்டிருக்கு. மிச்ச இருபது கிராம் எங்க மேடம்?"

"தாளாளர் ரூம்ல இருக்கு. போய்க் கேட்டு வாங்கிட்டு வா" என்றேன்.