ஈரத்துணியும் எண் 412-உம்

தமயந்தியைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. மந்தாரக்குப்பத்தில் என் தையல் கடைக்கு அடுத்த கடைதான் அவள் போட்டோ ஸ்டுடியோ. ஸ்டுடியோ அவள் தம்பி சுதாகர் பெயரில் இருந்தது, ஆனால் அதிகாரம் முழுக்க இவளுடையது. வாடிக்கையாளரிடமே வாய்ச்சண்டை போடுவாள். எவனாவது ஆல்பத்தைத் திறந்து எச்சில் விரலால் புரட்டினால் கையைத் தட்டிவிடுவாள்.

அவள் அப்பா விட்டுப்போன நெகட்டிவ்கள் இருபத்தாறு தகர டப்பாக்களில் இருந்தன. பிளாஸ்டிக் உறையில் கிடந்ததையெல்லாம் வெறும் காகித உறைக்கு மாற்றியவள் அவள். ஈரம் ஏறினால் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளுமாம். ஒவ்வொரு டப்பாவிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கல் பொட்டலம். நீலமாக இருந்தால் உலர்ந்த கல், ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது. ரோஸானதைப் பழைய இரும்புச் சட்டியில் வறுத்து, திரும்ப நீலமாக்கி வைப்பாள். அந்தச் சட்டியைச் சமையலுக்குத் தொடவும் விடமாட்டாள். டப்பாக்களை மழை இறங்கும் வெளிச்சுவரிலிருந்து தள்ளி, மேல் அலமாரியில் வைத்திருந்தாள். ஒருநாள் சுதாகர் நல்லெண்ணத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு பாச்சை உருண்டை போட, "இது பூச்சிக்குத்தான். பூஞ்சைக்கு இல்ல" என்று அத்தனையையும் தெருவில் கொட்டினாள்.

2013 நவம்பர். அந்த அலமாரி இடத்துக்கு ஜெராக்ஸ் மிஷின் வரப்போகிறது, திங்கட்கிழமை டப்பாக்கள் வெளியே போக வேண்டும் என்றான் சுதாகர். நானும் அவன் பக்கம்தான். "செத்தவங்க மூஞ்சியெல்லாம் வெச்சிக்கினு என்னடி பண்ணப்போற?" என்று கேட்டேன்.

"தூக்க மாட்டேன், தூக்கவும் விடமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் ஸ்டுடியோவுக்கு வீராயி வந்தாள். அவள் புருஷன் நெடுமாறன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், பதினாலு வருசத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டார். அவருக்கென்று ஒரே ஒரு படம். அந்தச் சட்டத்தைத்தான் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். முகம் இருந்த இடத்தில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு திட்டு. படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். மாலையோட அப்பன் படத்துல வுழுந்து கும்புடணும். கண்ணாடிய மட்டும் கழட்டிக் குடும்மா" என்றாள்.

"இழுத்தா மிச்சமும் கண்ணாடியோட வந்துடும்" என்று தமயந்தி முதலில் அதை அப்படியே கண்ணாடியோடு கேமராவில் படம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "எதால தொடைப்பீங்க?"

"ஈரத்துணியாலதான். அமாவாசைக்கு அமாவாசை சுத்தமா தொடச்சிட்டு, சந்தனப் பொட்டு வெச்சிடுவேன்."

"தண்ணி சட்டத்துக்குள்ள இறங்கியிருக்கு. படத்துமேல இருக்கற பூச்சு ஊறி, கண்ணாடியில ஒட்டிக்கிச்சு."

வீராயி கண்ணாடியில் அந்தத் திட்டைத் தடவினாள். பிறகு, "அப்போ அந்த மனுசன் மூஞ்சிய நானேதான் தொடச்சி அழிச்சேனா?" என்றாள். கத்தரிக்கோலும் கையுமாக நான் ஸ்டுடியோ வாசலுக்கு வந்துவிட்டேன்.

எல்லோரிடமும் எரிந்து விழுகிற தமயந்தி அப்போது மட்டும் எரியவில்லை. "நீங்க அழிக்கலக்கா, தண்ணி அழிச்சுது" என்று சொல்லி, சட்டத்தின் பின்அட்டையைக் கழற்றினாள். படத்தின் முதுகில் பென்சிலில் அவள் அப்பா கையெழுத்து: 412.

அந்த எண் இருந்தது ஒன்பதாவது டப்பாவில். காகித உறைக்குள் நாலு படமுள்ள ஒரு நெகட்டிவ் துண்டு. ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. ஸ்கேனரில் வைத்ததும் கம்ப்யூட்டர் திரையில் நெடுமாறன் வந்தார், கட்டம் போட்ட சட்டையில், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வீராயி அழவில்லை. அலமாரியைப் பார்த்தாள், சுதாகரைப் பார்த்தாள். "இதையா வெளிய போடப்போறதா அடுத்த கடை அம்மா சொல்லிச்சு?"

சொன்னது நான்தான். எனக்கு இந்த வாய் ஒன்று.

"இடம் இல்லக்கா" என்றான் சுதாகர்.

வீராயி புடவையைச் சொருகிக்கொண்டு அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "திங்கக்கெழம நானும் வரேன். தூக்குறவன் என்னைத் தூக்கிட்டு அப்பறம் தூக்கட்டும்."

திங்கட்கிழமை சொன்னபடி வந்தாள், கூட நாலு பெண்களோடு. தமயந்தி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலைமுடி பறக்க, பார்க்கவே பயமாக இருந்தது. ஜெராக்ஸ் மிஷின் வாசல் பக்கம் போய் உட்கார்ந்தது.

புதுப் படத்துக்குக் கண்ணாடி ஒட்டாமல் நடுவில் அட்டைச் சட்டம் கொடுத்து, பின்னால் காற்று போக நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் கொடுத்தாள் தமயந்தி. "வெளிச்சுவத்துல மாட்டாதீங்க. காஞ்ச துணி மட்டும்."

"பொட்டு?"

"சட்டத்துக் கட்டையில வைங்க."

வீராயி மகள் பொற்கொடி கல்யாணத்தில் அந்தப் படத்தை நான் பார்த்தேன். பொட்டு கட்டையில்தான் இருந்தது. இப்போதும் ஒவ்வொரு அமாவாசையும் வீராயி ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, சுதாகரை ஏறெடுத்தும் பார்க்காமல், ஒன்பதாவது டப்பாவைத் திறக்கச் சொல்லி ஒரே கேள்விதான் கேட்பாள்.

"கல்லு நீலமா இருக்கா?"