கையில் கம்பில்லாத சண்டை

பொள்ளாச்சியில் நானும் என் கணவரும் நடத்தும் ஸ்டுடியோவுக்கு வருகிற வீடியோக்களில் கல்யாணமும் சீரும் காதுகுத்தும்தான் இருக்கும். அன்று மதியம் வந்த வீடியோவில் ஒரு மனிதரின் மண்டை பிளந்தது.

கொண்டுவந்தவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். தென்னந்தோப்பும் கயிறு மில்லும் உள்ளவர். அவர் மகள் கல்யாணத்துக்கு ஆல்பம் போட்டுக் கொடுத்தது நாங்கள்தான். கூடவே அவருடைய தம்பி மகன் வந்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், சவரம் செய்யாத முகம். அவன் அப்பா தலையில் அடிபட்டு, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். என் கணவர் அவிநாசியில் ஒரு விசேஷத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

"ஏனுங்க அம்மணி, ஒரு சின்ன வேலை. வண்டித்தடத்துக்காகப் பக்கத்துத் தோப்புக்காரனோட ஒரு தகராறு ஆயிப்போச்சு. யாரோ செல்லுல புடிச்சிருக்கான். சொந்தக்காரங்க பார்த்தா நல்லாவா இருக்கும்? நம்மாளுங்க கையில இருக்கற கம்பயெல்லாம் எடுத்துப்போடுங்க" என்றார் பெரியவர்.

வீடியோவை ஓடவிட்டேன். வேலியோரம் புழுதி பறக்க ஒரு கூட்டம். பக்கத்துத் தோப்புக்காரனும் அவன் ஆட்களுமாக ஐந்தாறு பேர், எதிரில் இவர்கள் ஆட்கள் அதற்கு மூன்று மடங்கு. கம்பு விழும் சத்தம் தேங்காய் உடைவது போலக் கேட்டது. ஒரு பெண் குறுக்கே ஓடிவந்து, முதுகில் வாங்கி, முகம் குப்புற விழுந்தாள். அவளை ஒருவன் மிதித்துக்கொண்டு போனான். கடைசியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தலையைப் பிடித்தபடி மண்டியிட்டார். விரல் சந்துகளில் ரத்தம் கொப்பளித்தது. அவர்தான் தம்பி.

தொட வேண்டாமென்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் தெரிந்தவர், சொந்தபந்தம் பார்க்கக் கூடாதென்கிறார், சரி என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தோம். முன்பெல்லாம் ஒரு பொருளை நீக்க, அதைச் சுற்றி ஓரம் பிடித்து நொடிக்கு முப்பது படமாக ஓடும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரைய வேண்டும். இதில் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அந்த வகைப் பொருள் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் அதுவே கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசி, ஓடும் வீடியோவில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போகும். பிறகு அழிக்கச் சொன்னால், அந்த இடத்தைப் பின்னணியை வைத்து நிரப்பிவிடும்.

'ஸ்டிக்' என்று எழுதினேன். திரை பச்சையும் சிவப்புமாகப் பூத்தது. ஆட்கள் கையிலிருந்த கம்புகளோடு வேலிக்கால்களையும், கீழே கிடந்த மட்டை ஒன்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது. வேண்டாதவற்றைக் கிளிக் செய்து விலக்கினேன். சரியாக வருகிறதா என்று பார்க்க முதல் சில நொடிகளை மட்டும் அழித்து ஓட்டினேன்.

அதை இன்னும் மறக்க முடியவில்லை. வெறுங்கைகள் முறுக்கி உயர்ந்து இறங்கின. தொடாமலேயே ஆட்கள் சுருண்டார்கள். அந்தப் பெண்ணை எதுவும் அடிக்கவில்லை, அவளாகவே அலறி விழுந்தாள். மண்ணில் மட்டும் கம்புகளின் நிழல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிழலுக்குத் தனியாக வேலை செய்ய வேண்டும்.

பெரியவர் சிரித்தார். "அருமைங்க. ஆனா அந்தத் தோப்புக்காரன் கையில இருக்கறத மட்டும் உட்டுப்போடுங்க. எந்தம்பிய அடிச்சவன் அவன்தான். உள்ளதான் இருக்கான். வக்கீலுக்கு இதத்தான் குடுக்கோணும்."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "அண்ணா, கேஸுக்குன்னா இதச் செய்ய மாட்டேனுங்க. மொதல்லயே சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்."

"நம்ம ஊட்டு வேலையச் செய்ய என்னுங்க அம்மணி யோசனை?" குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அவர் கை மட்டும் என் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தது.

தம்பி மகன் எங்களைக் கவனிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, அவன் கையில இருக்கறதுக்கு மட்டும் ஏன் கலர் வரலீங்க?"

பெரிதாக்கினேன். தோப்புக்காரன் தலைக்கு மேல் பிடித்திருந்தது கம்பு இல்லை. சொட்டுநீருக்குப் போடும் கருப்பு ஓஸ் குழாய், மடித்துப் பிடித்திருந்தான். அடியைத் தடுக்கப் பிடித்ததைப் போலத்தான் இருந்தது.

"கடேசி வரைக்கும் ஓட்டுங்க" என்றான் அவன்.

"போதும், நிறுத்துங்க" என்றார் பெரியவர்.

ஓட்டினேன். வெறுங்கண்ணால் பார்த்தபோது புழுதியும் தோள்களும்தான் தெரிந்த இடத்தில், இரண்டு முதுகுகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு சாண் நீளக் கம்புத் துண்டு எழும்பியது. வெள்ளைச் சட்டைக்காரரின் பின்மண்டையில் இறங்கியது. தலை முன்னால் தெறித்தது.

"பின்னால போங்க."

ஒவ்வொரு ஃப்ரேமாகப் பின்னால் போனேன். ஊதா துண்டு நீண்டு, முழுக் கம்பாகி, கூட்டத்திலிருந்து வெளியே வந்தது. அதைப் பிடித்திருந்த கையில் தங்கக் கடிகாரம். அதே கடிகாரம் என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கையிலும் இருந்தது.

"பெரியப்பா..." என்றான்.

"கை தவறிப்போச்சு கண்ணு. அவன அடிக்க ஓங்குனேன், உங்கப்பன் குறுக்க..."

"பின்னாலிருந்து அடிச்சிருக்கே! தோப்புல எங்கப்பா பங்கு கேட்டார்னு அடிச்சிருக்கே! எங்கம்மாகிட்ட வந்து அழுதுபோட்டு, எவனையோ உள்ள தள்ளிட்டு..."

முடிக்கவில்லை. மூலையில் இருந்த கேமரா ஸ்டாண்டைத் தூக்கி வீசினான். அது பெரியவரின் வாயில் பட்டது. அவர் பல்லைத் துப்பிக்கொண்டே அவன் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடி ஷோகேஸில் மோதினார். கல்யாண ஆல்பங்கள் கண்ணாடிச் சில்லுகளோடு சரிந்தன. அவன் காது கிழிந்து தொங்கியது. விலக்கப் போன என்னை யார் தள்ளினார்கள் என்று தெரியவில்லை. மேசை விளிம்பில் விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பெரியவர் மானிட்டரைப் பிடுங்கித் தரையில் அடித்து, அதன்மேல் ஏறி மிதித்தார். மானிட்டரை உடைத்தால் வீடியோவும் போய்விடும் என்று நினைத்தார் போல. பக்கத்து டீக்கடைக்காரர்கள் வந்து அவரை மடக்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார்.

அசல் வீடியோவை அன்றே தம்பி மகன் போலீசில் கொடுத்தான், காதில் கட்டோடு. நான் மாவுக்கட்டோடு போய் நடந்ததைச் சொன்னேன். "சாஃப்ட்வேர் பூசுன கலரெல்லாம் சாட்சி ஆகாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அசலை அதே இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தபின் எல்லோருக்கும் தெரிந்தது. தோப்புக்காரனை விட்டார்கள். பெரியவர் உள்ளே போனார்.

தம்பிக்கு நினைவு திரும்பியது. வலது கைக்கு மட்டும் அசைவு திரும்பவில்லை. வாக்குமூலம் கேட்டபோது அவர், "எங்கண்ணன் அடிக்கலீங்க" என்றாராம். வீடியோவைக் காட்டியும், "அது அவரில்லீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இதைச் சொல்லத்தான் மகன் ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்தான். அதைக் கேட்ட ஆத்திரத்தில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலேயே தலையை முட்டிக்கொண்டிருக்கிறான். நெற்றியில் புதுத் தையல்.

"அடிச்சவர உள்ள போட்டாச்சுங்க அக்கா. அடிபட்டவர என்ன செய்யறது?" என்றான்.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் எழுந்து போனான்.