பத்தரை லட்சம் பனங்கொட்டை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஒருநாள் பனவடலிசத்திரம் பக்கத்து விவசாயிகள் சங்கத் தலைவர் வந்தார். தாலுகாவின் குளத்துக்கரை, ஓடைக்கரையெல்லாம் பனை விதைக்கப் போகிறார்களாம். அதை அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். துண்டுத்தாளில் '1,05,000 விதைகள்' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

படிவத்தில் கமா போடக்கூடாது, வெறும் எண் மட்டும்தான். 105000 என்று அடித்தேன். கட்டத்துக்குக் கீழே அதுவாகவே 105,000 என்று காட்டியது. எனக்கு உறுத்தியது. தாளில் ஒன்றுக்குப் பக்கத்தில் கமா இருக்கிறது, இங்கே இல்லையே. தலைவரும் எட்டிப் பார்த்து, "ஒரு சைபர் கொறையுது போலயே" என்றார். ஒரு சைபர் சேர்த்தேன். 1,050,000 என்று வந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் கமா. இருவருக்கும் திருப்தி. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தலைவர் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நின்றார். மாவட்டத்திலேயே அவர்கள் சங்கம்தான் முதலிடமாம். அதிகாரி போன் பண்ணிப் பாராட்டினாராம், நேரில் வந்து விதைகளைப் பார்க்கப் போகிறாராம். எத்தனை விதை என்று சொன்னார் என்று கேட்டேன். "பத்தரை லட்சம்னு சொல்லுதாரு. பெரிய மனுசன், கூட்டித்தான் பேசுவாரு" என்றார்.

ஒரு தாளில் கமாவை எல்லாம் அடித்துவிட்டு இலக்கங்களை எண்ணினேன். லட்சத்துக்கு ஆறு இலக்கம். நான் அனுப்பியதில் ஏழு. அந்த இணையதளம் வெள்ளைக்காரன் முறையில் மும்மூன்றாகக் கமா போடுகிறது. நாம் கடைசி மூன்றை விட்டு இரண்டிரண்டாகப் போடுகிறோம். கமா வந்த இடத்தைப் பார்த்து நான் ஏமாந்திருந்தேன்.

தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை. "பத்தடிக்கு ஒரு விதைன்னா எம்புட்டு தூரம் வரும்?" என்று கேட்டார். பெருக்கினேன். 1,05,00,000 அடி. ஒரு கோடியே ஐந்து லட்சம். எட்டு இலக்கம் இருக்கிறதா என்று இரண்டு தடவை எண்ணிக்கொண்டேன். கிலோமீட்டரில் மூவாயிரத்து இருநூறு. ஏறக்குறைய காஷ்மீர் வரை போகும் என்றேன்.

அவர் அங்கே பனை வளருமா என்று கேட்டார்.

கடைசியில் நானே அதிகாரிக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. படிவத்தைத் திருத்தத்துக்குத் திறந்துவிட்டு, லைனிலேயே இருந்தார். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி அடித்தேன்: ஒன்று, சைபர், ஐந்து, சைபர், சைபர், சைபர். மொத்தம் ஆறு. 105,000 என்று வந்தது. இந்தமுறை கமாவை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

முதலிடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு இறங்கினார்கள். தலைவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, மூன்றாம் இடத்துக்கு இன்னும் எத்தனை கொட்டை வேண்டும் என்று கேட்டார்.