துணை ஆதரவாளர்

மூடியில் கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது மேசைமீது கைபேசி அதிர்ந்தது. அவர் நிமிரவில்லை. இறுக்கி முடித்து, கைப்பிடியை இழுத்துப் பார்த்து, மரத்தூளை ஊதிவிட்டுப் பிறகுதான் கண்ணாடியைத் தேடினார்.

மின்னஞ்சல். வழக்கமாக மரக்கடையிலிருந்து வரும், வங்கியிலிருந்து வரும். இது ஒரு கல்லூரியின் விழாக் குழுவிலிருந்து. ‘மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, அடுத்த வரியில் அவருடைய கடையின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.

அவர் சவப்பெட்டி செய்பவர். குளிர்ப்பெட்டி வாடகைக்கு விடுவார். அமரர் ஊர்தி ஒன்றும் உண்டு.

சமையலறை வாசலில் நின்று மனைவிக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு நாள் கலைவிழா. பன்னிரண்டு கல்லூரிகளிலிருந்து பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுள்ள ஆயிரத்து எண்ணூறு மாணவர்கள் வருவார்கள். ஆதரவாளர்கள் மூன்று வகை: முதன்மை, இணை, துணை. துணை ஆதரவாளருக்கு மேடைத் திரையில் சின்னம். சமூக வலைத்தளத்தில் ஒரு பதிவு. தொகுப்பாளர் நாளுக்கு இருமுறை பெயரை அறிவிப்பார். முதல் வரிசையில் இரண்டு இருக்கைகள். ‘எங்களோடு இணைந்தால் வாடிக்கையாளர்கள் மீண்டும் மீண்டும் உங்களையே தேடி வருவார்கள்.’

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“நம்மகிட்ட வந்தவன் மறுபடி வந்தா ஊரே காலி ஆயிடும். யாரோ கிண்டல் பண்றாங்க.”

“கடை பேரு போட்டிருக்கே.”

“பேரைப் பார்த்தாங்க, தொழிலைப் பார்க்கல. பேசாம விடுங்க.”

அவர் விடவில்லை. மேசைக்குப் போய் மறுபடியும் வாசித்தார்.

முதலில் அலமாரிதான் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் மருத்துவமனை வந்தது. யாரோ அவசரமென்று ஒரு பெட்டி கேட்டார்கள், செய்து கொடுத்தார். அடுத்த மாதம் இரண்டு பெட்டிகள். பிறகு அலமாரி கேட்டு ஒருவரும் வரவில்லை. அவர் செய்த கட்டிலில் படுக்க யாருக்கும் மனம் ஒப்பவில்லை. துக்க வீட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அண்ணா, நீங்க இல்லைன்னா என்ன பண்ணியிருப்போம் என்பார்கள். ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டுக்காரர் தன் மகள் திருமண அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினார். அதில் அவருக்குக் கோபம் இல்லை. நல்ல காரியத்துக்கு யாராவது கூப்பிட வேண்டும், நாலு பேர் நடுவில் கடைப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒருமுறை. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதை மனைவியிடமும் சொன்னதில்லை.

சம்மதம் என்று பதில் அனுப்பினார். பணத்தையும் அனுப்பினார். ரசீது வந்தது, கூடவே சின்னம் கேட்டு ஒரு மின்னஞ்சல். ரசீதுப் புத்தகத்தின் தலைப்பைப் படம் எடுத்து அனுப்பிவைத்தார்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, ஒருங்கிணைப்பாளரான பேராசிரியரும் ஆதரவாளர் குழுத் தலைவியான மாணவியும் பட்டறைக்கு வந்தார்கள். பேராசிரியர் உட்கார இடம் தேடினார். இருந்தவையெல்லாம் பெட்டிகள். நின்றுகொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. முதன்மை ஆதரவாளர் பைக் ஷோரூம்காரர். திரையோட மாதிரியைப் பார்த்துட்டு, உங்க சின்னம் இருந்தா அவர் சின்னத்தை எடுத்துடச் சொல்றார்.”

“அவர் பயம் நியாயம்தான் சார். பைக் பக்கத்துல நான் நின்னா வியாபாரம் எப்படி ஆகும்?”

பேராசிரியர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறோம். இல்லைன்னா ‘நலம் விரும்பி’ன்னு பொதுவாப் போட்டுக்கலாம். பேர் வராது.”

மாணவி தரையைப் பார்த்தபடி பேசினாள். “தப்பு என்னோடது ஐயா. மேப்ல காலேஜைச் சுத்தி இருக்கற கடையெல்லாம் எடுத்து ஒரு லிஸ்ட் போட்டேன். பேரும் மெயில் ஐடியும் மட்டும்தான் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மெயில்தான். பேரு மட்டும் தானா மாறிக்கும்.”

“அப்போ எனக்குன்னு எழுதல.”

“இல்லைங்க ஐயா.”

அவர் ஆணி டப்பாவை மூடினார். உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்த மனைவி அதைப் பேராசிரியரிடம் நீட்டினாள்.

“இவர் வந்து கேட்கல சார். கூப்பிட்டது நீங்க. இலையைப் போட்டுட்டு எழுந்திருன்னா எப்படி?”

“நீ சும்மா இரு,” என்றார். பிறகு பேராசிரியரிடம், “திரை வேணாம். பதிவும் வேணாம். உட்கார இடம் தாங்க. மைக்ல பேரு ஒரு தடவை போதும். மெயில்ல இருக்கறதுதான்.”

“இடம் கண்டிப்பா உண்டு. பேரு… பார்க்கலாம்.”

‘பார்க்கலாம்’ என்பதற்கு என்ன பொருள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விழா அன்று முதல் வரிசையின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகளில் ‘துணை ஆதரவாளர்’ என்று தாள் ஒட்டியிருந்தது. மனைவி தாளைக் கிழிக்காமல் அதன்மேல் மெதுவாக உட்கார்ந்தாள். அடுத்த நாற்காலிக்காரர் கை நீட்டினார்.

“பைக் ஷோரூம் நம்மளோடது. நீங்க என்ன லைன்?”

“பெட்டி செய்றேன்.”

“சூட்கேஸா?”

“இல்லைங்க. கடைசிப் பெட்டி.”

கை சிறிது நேரம் அவர் கைக்குள்ளேயே இருந்தது. பிறகு கைபேசியை எடுக்கப் போனது.

ஆதரவாளர் பட்டியலை அந்த மாணவியே வாசித்தாள். ஷோரூமுக்கு விசில். அடுத்து ஒரு பேக்கரி, ஒரு ஜிம், ஒரு கண்ணாடிக் கடை. அட்டையைக் கீழே இறக்கினாள். மேடையோரம் நின்ற பேராசிரியர் போதும் என்று கை காட்டினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அட்டையில் இல்லாத கடைப் பெயரைச் சொன்னாள்.

“சவப்பெட்டி, குளிர்ப்பெட்டி, அமரர் ஊர்தி. எங்கள் துணை ஆதரவாளர்.”

ஒரு நொடி யாருக்கும் பிடிபடவில்லை. பின் வரிசையில் ஒரு விசில் கிளம்பியது. சிரிப்பு அரங்கம் முழுக்க உருண்டு வந்தது.

“அண்ணே, அட்வான்ஸ் புக்கிங் உண்டா?”

அவர் எழுந்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றார். கூட்டத்தின் முன் எப்படி நிற்பது என்று அவருக்கு ஒரு விதம்தான் தெரியும். கால்களைச் சேர்த்து, கைகளை முன்னால் கோத்து, யார் முகத்தையும் பார்க்காமல், பெட்டியைத் தூக்கச் சொல்லும்வரை நிற்கும் விதம். அப்படியே நின்றார்.

முன் வரிசைகளில் சிரிப்பு நின்றது. பிறகு நடுவில். கடைசியாகப் பின்னால் யாரோ ஒருவன் தனியாகச் சிரித்து, தன் குரல் மட்டும் கேட்பதை உணர்ந்து அடங்கினான். யாரோ கை தட்டினார்கள். அது பரவவில்லை.

“உட்காருங்க, பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க,” என்றாள் மனைவி.

உட்கார்ந்தார். “சரியாச் சொன்னாளா?” என்று கேட்டார்.

“எழுத்துப் பிசகாம சொன்னா.”

மறுநாள் விழாவின் இரண்டாம் நாள். அவர்கள் போகவில்லை. ஆதரவாளர் பட்டியலை வேறொரு மாணவன் வாசித்தான். அதில் அவர் கடை இல்லை. குழுவில் தனக்கு இனி வேலை இல்லை என்று மாணவி காலையில் போனில் சொன்னாள். பரவாயில்லை, பரீட்சைக்குப் படிக்கலாம் என்றாள். பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். ஆறடிப் பெட்டி ஒன்று போனது. மதியம் மழை பெய்தது. மனைவி கொடியிலிருந்த துணிகளை உள்ளே எடுத்துப் போட்டாள். மாலையில் அவர் இரண்டு பலகைகளை இழைத்து நிறுத்தினார்.