ஒன்பதாம் பேனலின் ஆழம்

ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரகடத்தில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் மின்சாரத்தை முழுவதும் நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்வோம். அன்று எனக்குச் சோறு இறங்காது. நிறுத்துவதில் பயமில்லை. திரும்பக் கொடுப்பதில்தான் எல்லாப் பயமும்.

எங்களிடம் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேனல்கள் இருபத்து மூன்று. முதல் பேனலுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வரும். மற்ற ஒவ்வொன்றும் இன்னொரு பேனலிலிருந்து வாங்கும். பேனல் எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்குக் கொடுக்கும் தாய்ப் பேனலின் எண்ணைப் போட்டிருப்போம். அந்த வரிசையிலிருந்து கணினி ஆழத்தைக் கணக்கிட்டுத் தரும். முதல் பேனல் பூஜ்யம், அதிலிருந்து வாங்குபவை ஒன்று, அவற்றிலிருந்து வாங்குபவை இரண்டு. நாங்கள் அதை லெவல் என்போம். ஒரு லெவலை அழைத்தால், அங்கிருப்பவர் கதவை மூடி, பூட்டை எடுத்து, உள்வரும் சுவிட்சைப் போடுவார். வெளிச்செல்லும் சுவிட்சுகள் முன்பே போட்டபடி இருக்கும். ஆழத்தில் இருப்பவர்கள் தங்கள் லெவல் வரும்வரை உள்ளே கைவைத்து வேலை செய்யலாம்.

அந்தக் கணக்கை எழுதிய பொறியாளர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். முதல் எண்ணிலிருந்து கடைசிவரை ஒரே ஒருமுறை நடந்து, தாயின் ஆழத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. அதுவரை தவறியதில்லை.

அந்த ஆண்டின் ஞாயிறன்று மதியம், ஸ்ரீபெரும்புதூர்க்காரரான எங்கள் இன்சார்ஜ், பேனல்களில் நிற்பவர்களோடு பேசும் ரேடியோவை வைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். லெவல் ஒன்றை அழைத்தார். ஒன்பதாம் பேனல் பெயின்ட் ஷாப்பில் இருக்கிறது. அங்கே திசையன்விளைக்கார எலக்ட்ரீஷியன்.

"சுவிட்சைப் போட்டாச்சு சார், லைட்டு எரியல. தொறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

இன்சார்ஜ் சரி என்று சொல்லிவிட்டு லெவல் இரண்டுக்குப் போனார். ஒன்பதிலிருந்து வாங்கும் பதினாலாம் பேனலிலும் விளக்கு எரியவில்லை. ஒன்பதே எரியாதபோது அது எப்படி எரியும் என்றார். எனக்கும் சரியாகவே பட்டது.

ஏனோ தாய் எண்களைப் பார்த்தேன். ஒன்பதுக்குக் கீழே இருபத்து மூன்று. இருபத்து மூன்றின் லெவல் மூன்று. தாய் மூன்றில் இருக்கும்போது பிள்ளை எப்படி ஒன்றில் இருக்கும்?

இருபத்து மூன்று அந்த ஆண்டு வந்த பேனல். பெயின்ட் உலர்த்தும் புதிய ஓவனுக்காக, ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் செருகினோம். கடைசியாக வந்ததால் கடைசி எண். அதற்கு முன்பெல்லாம் தாய்க்கு எப்போதும் சிறிய எண்தான். கணக்கு ஒன்பதை அடைந்தபோது இருபத்து மூன்றுக்கு இன்னும் போகவில்லை. அதன் கட்டத்தில் ஆரம்பத்தில் போட்ட பூஜ்யம் அப்படியே இருந்தது. பூஜ்யத்தோடு ஒன்று.

ஒன்பதில் பழுது ஒன்றும் இல்லை. அதன் தாய்க்கு இன்னும் மின்சாரம் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதன் சுவிட்ச் போட்டிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. இருபத்து மூன்றைப் போட்டால் அந்த நொடியே ஒன்பதுக்குள்ளும் மின்சாரம் பாயும்.

இன்சார்ஜ் அப்போதுதான் "லெவல் மூணு" என்று சொல்லி முடித்தார். நான் ரேடியோவைப் பிடுங்கினேன்.

"இருபத்திமூணு, போடாதீங்க. போடாதீங்க."

வெறும் இரைச்சல். பிறகு அங்கிருந்தவர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டுதான் நிற்பதாகச் சொன்னார். கையை எடுக்கச் சொன்னேன். ஒன்பதை அழைத்தேன். மறுபடியும் அழைத்தேன்.

"இன்னா சார், இன்னா ஆச்சு?" என்றார் இன்சார்ஜ். தாளில் ஒன்பதுக்குக் கீழே இருந்த இருபத்து மூன்றைக் காட்டினேன்.

"ரெண்டு கையும் உள்ள இருந்துச்சு சார், ரேடியோ தரையில கெடந்துச்சு" என்றது ஒன்பதின் குரல். "எல்லாம் டைட்டாத்தான் இருக்கு. கரண்டுதான் வரல."

சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விலகி நிற்கச் சொன்னேன்.

தாளின் பின்பக்கம், ஒவ்வொரு பேனலுக்கும் கீழே அதன் பிள்ளைகளை எழுதினேன். பிறகு முதல் பேனலிலிருந்து கிளை கிளையாக இறங்கினேன். இரண்டு, ஒன்றில். ஆறு, இரண்டில். இருபத்து மூன்று, மூன்றில். ஒன்பது, நான்கில். பதினாலு, ஐந்தில். இருபத்து மூன்று பேனல்களும் ஒரே ஒரு முறை மட்டும் வந்திருக்கின்றனவா என்று எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன்.

இன்சார்ஜ் அவசரப்படுத்தவில்லை. "ஒம்பதுல இருக்கிறவன் பொண்ணுக்குக் காதுகுத்து. நேத்துதான் வந்து பத்திரிகை வச்சிட்டுப் போனான்" என்று மட்டும் சொன்னார்.

லெவல் மூன்று முடிந்து நான்கை அழைத்தோம்.

"என்னை இப்ப எத்தனையில வச்சிருக்கீய?" என்றது ஒன்பதின் குரல்.

நாலு என்றேன்.

"மொதல்ல ஒண்ணு, இப்ப நாலா? நல்ல புரமோஷன் சார்." சிரித்தார். உடனே குரல் மாறியது. "கதவை மூடிட்டேன். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க. அப்பதான் போடுவேன்."

போனேன். பெயின்ட் ஷாப்வரை நடக்கும்போது அந்தத் தாளை மடிக்காமல் பிடித்திருந்தேன். நான் அருகில் போய் நின்ற பிறகு அவர் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கைகள் இரண்டையும் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.